நொதி வரைபடத்தில் உச்சம் எங்கே?

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, சோற்றிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. இந்த வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மாவுச்சத்து இருக்கும்வரை அயோடின் கரைசல் கருநீலமாகும். மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் அயோடின் தன் பழுப்பு மஞ்சள் நிறத்திலேயே நிற்கும். இதனால்தான் வெப்பநிலையும் பி.எச். அளவும் நொதியை எப்படி மாற்றுகின்றன என்று காட்டும் பள்ளிப் பயிற்சித்தாள்களில் அமைலேஸ் அடிக்கடி இடம்பெறுகிறது.

சோதனை எளிது. ஒரு குழாயில் ஒரு விழுக்காடு மாவுச்சத்துக் கரைசல் 5 மில்லிலிட்டர், இன்னொரு குழாயில் நீர்த்த உமிழ்நீர் ஒரு மில்லிலிட்டர். இரண்டையும் வேண்டிய வெப்பநிலையில் உள்ள நீர்த்தொட்டியில் ஐந்து நிமிடம் தனித்தனியே வைத்த பிறகே கலக்க வேண்டும். குளிர்ந்த மாவுச்சத்தைச் சூடான நொதியோடு கலந்தால் வினை நடப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வெப்பநிலையில்தான்; தாளில் எழுதிய எண்ணுக்கும் அதற்கும் தொடர்பு இராது. கலந்தபின் 20 நொடிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து, குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டில் இருக்கும் அயோடினில் விட வேண்டும். நீலம் வராத முதல் துளியின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் செந்நிறம் கலந்த ஊதா தோன்றும். அது பாதி உடைந்த மாவுச்சத்தின் நிறம், முடிவல்ல.

பயிற்சித்தாள் ஒன்றில் பின்வரும் எண்கள் கொடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம், அதாவது 600 நொடி, பார்த்தபின் சோதனை நிறுத்தப்பட்டது.

| வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) | நீலம் மறைந்த நேரம் (நொடி) | வேகம் (1000 ÷ நேரம்) |
|---|---|---|
| 10 | 400 | 2.5 |
| 20 | 200 | 5.0 |
| 30 | 100 | 10.0 |
| 40 | 80 | 12.5 |
| 50 | 120 | 8.3 |
| 60 | 500 | 2.0 |
| 80 | மறையவில்லை | 0 |

அளந்தது நேரம், கேள்வி வேகத்தைப் பற்றியது. நேரம் கூடினால் வேகம் குறைவு. ஆகவே நேரத்தை அப்படியே செங்குத்து அச்சில் குறித்தால் மலை வரவேண்டிய இடத்தில் பள்ளம் வரும். ஒன்றை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். தசமத்தில் சுழியங்கள் நீளாமலிருக்க இங்கே 1000 எடுத்து வகுக்கப்பட்டிருக்கிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதால் கோட்டின் வடிவம் மாறாது.

கடைசி வரிசையில் பலர் தவறுகிறார்கள். 80 டிகிரியில் நீலம் மறையவே இல்லை. அங்கே 600 என்று எழுதி வகுத்தால் 1.7 வரும், செத்துப்போன நொதி மெதுவாக வேலை செய்வதுபோலத் தோன்றும். சோதனை நிறுத்தப்பட்ட நேரத்தை வினை முடிந்த நேரமாகக் கொள்ளக் கூடாது. இன்னொன்று: 60க்கு அடுத்து 80 வருகிறது. கிடை அச்சில் அந்த இடைவெளி மற்றவற்றைப்போல இரு மடங்கு இருக்க வேண்டும். எண்களை ஒரே இடைவெளியில் அடுக்கிவிட்டால் வலப்பக்கச் சரிவு உள்ளதைவிடச் செங்குத்தாகிவிடும். புள்ளிகளை அளவுகோலால் ஒவ்வொன்றாக இணைக்காமல் ஒரே சீரான வளைகோடாக வரைவதே முறை.

வளைகோட்டின் இடப்பக்கத்தை முதலில் பார்க்கலாம். 10 டிகிரியில் 2.5, 20இல் 5, 30இல் 10. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கிறது. வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் விரைவாக அலைகின்றன. மாவுச்சத்து மூலக்கூறு நொதியின் கிளர்வு மையத்தை வந்து மோதுவது அடிக்கடி நடக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த மோதல்களில் வினையைத் தொடங்கப் போதுமான ஆற்றலோடு வருபவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் கூடுகிறது.

இதே கணக்குப்படி 40 டிகிரியில் வேகம் 20 ஆகியிருக்க வேண்டும். ஆனால் 12.5தான் வந்திருக்கிறது. கோடு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தாலும் இரண்டாவது விளைவு அதற்குள் தொடங்கிவிட்டது. நொதி ஒரு புரதம். அதன் நீண்ட சங்கிலி குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து நிற்பது வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் அவை போன்ற பிற ஈர்ப்புகளாலும். வெப்பம் மிகும்போது சங்கிலியின் அதிர்வு அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது, மடிப்பு குலைகிறது, கிளர்வு மையம் உருக்குலைந்து மாவுச்சத்தைப் பற்ற முடியாமல் போகிறது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளக்கப்படும் வேகம் இந்த இரண்டின் விளைவு: உயிரோடு இருக்கும் நொதிகளின் சுறுசுறுப்பு ஒருபுறம், மிஞ்சியிருக்கும் நொதிகளின் எண்ணிக்கை மறுபுறம். முதலாவது மெல்ல ஏறுகிறது, இரண்டாவது திடீரென விழுகிறது. வளைகோடு இடப்பக்கம் நீளச் சாய்ந்தும் வலப்பக்கம் சட்டென இறங்கியும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

10 டிகிரியிலும் 60 டிகிரியிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. வரைபடத்தில் ஒரே உயரத்தில் நிற்கும் இந்த இரு புள்ளிகளின் பொருள் முற்றிலும் வேறு. 10 டிகிரிக் குழாயை எடுத்து 40 டிகிரி நீரில் வைத்தால் வேலை விறுவிறுவென்று நடக்கும்; நொதி குலையவில்லை, குளிரில் மெதுவாக இயங்கிக்கொண்டிருந்தது. 80 டிகிரியில் இருந்த குழாயைக் கொண்டுவந்து 40 டிகிரியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நீலம் போகாது. 60 டிகிரிக் குழாயில் பெரும்பாலான நொதிகளும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும். "குளிரில் நொதி அழிகிறது" என்ற விடை தவறு என்று காட்ட இந்த ஒரு கூடுதல் சோதனை போதும்.

இனி உச்சம். அட்டவணையில் பெரிய எண் 12.5, அது 40 டிகிரிக்கு நேராக இருக்கிறது. ஆனால் 30க்கும் 40க்கும் நடுவிலும், 40க்கும் 50க்கும் நடுவிலும் யாரும் அளக்கவில்லை. உண்மையான உச்சம் 37இலும் இருக்கலாம், 43இலும் இருக்கலாம். இந்தத் தரவிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது, உகந்த வெப்பநிலை 30க்கும் 50க்கும் இடையே, 40ஐ ஒட்டி இருக்கிறது என்பதே.

நேர அளவீட்டிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. துளி எடுப்பது 20 நொடிக்கு ஒருமுறை. 80 நொடி என்று குறித்தால், மாவுச்சத்து 60க்கும் 80க்கும் இடையே எப்போதோ தீர்ந்தது என்றுதான் பொருள். அப்படியானால் வேகம் 12.5 முதல் 16.7 வரை எதுவாகவும் இருக்கலாம். 30 டிகிரியில் குறித்த 100 நொடியையும் இப்படிப் பிரித்தால் வேகம் 10 முதல் 12.5 வரை வருகிறது. இரண்டு வரம்புகளும் 12.5இல் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. 60 டிகிரியிலோ 480க்கும் 500க்கும் உள்ள வேறுபாடு வேகத்தை 2.0இலிருந்து 2.1க்குத்தான் கொண்டுபோகிறது. எந்த இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமோ அந்த உச்சியில்தான் இந்த முறையின் துல்லியம் மிகக் குறைவு. இதற்கு வழி, உமிழ்நீரை இன்னும் நீர்க்கச் செய்வது. நொதி குறைந்தால் எல்லா நேரங்களும் நீளும், 20 நொடிப் பிழை சிறுத்துவிடும். பிறகு 34, 37, 40, 43, 46 டிகிரிகளில் திரும்பச் செய்தால் உச்சம் தெளியும். உமிழ்நீர் அமைலேஸுக்குப் பாடநூல்கள் தரும் எண் 37ஐ ஒட்டியது.

அந்த எண்ணும் கல்வெட்டு அல்ல. நொதியின் குலைவு நேரத்தைப் பொறுத்தது. கலப்பதற்கு முன் ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் 50 டிகிரியில் வைத்திருந்தால் அங்கே மிஞ்சும் நொதி குறைவாக இருக்கும். உச்சம் இடப்பக்கம் நகரும். எனவே உகந்த வெப்பநிலையைச் சொல்லும்போது எவ்வளவு நேரம் வைத்து அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு உயிரிகளின் நொதிகளுக்கு உச்சம் வெகு தொலைவிலும் இருக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுக்கப்பட்டு 1969இல் விவரிக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியத்தின் டி.என்.ஏ. பாலிமரேஸ் 75 முதல் 80 டிகிரியில் நன்றாக இயங்குகிறது.

பி.எச். வரைபடத்துக்கு வெப்பநிலையை 37 டிகிரியில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் பி.எச்.சை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலைச் சேர்க்க வேண்டும். பி.எச். என்ற அளவே நொதி ஆய்விலிருந்து பிறந்ததுதான். 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் நொதி வினைகளில் அமிலத்தின் பங்கை ஆராயும்போது அதை அறிமுகப்படுத்தினார். அந்த அளவில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு ஏறும். வரைபடத்தில் ஒரு கட்டம் என்பது கரைசலில் பெரிய மாற்றம்.

பயிற்சித்தாளின் இரண்டாம் பகுதியில், பி.எச். 5இல் 300 நொடி, 6இல் 120, 7இல் 80, 8இல் 160, 9இல் 500 என்று இருக்கட்டும். 4இல் நீலம் மறையவில்லை. வேகங்கள் முறையே 3.3, 8.3, 12.5, 6.3, 2, கடைசியாகச் சொன்ன 4க்குச் சுழியம். இப்போது கிடைப்பது இருபுறமும் இறங்கும் மணி வடிவம். உயர்ந்த புள்ளி 7இல். அதன் இடப்பக்க அண்டை 8.3, வலப்பக்க அண்டை 6.3. இடப்பக்கம் உயரமாக இருப்பதால் சீரான வளைகோட்டின் முகடு 7க்குச் சற்று இடப்பக்கம் விழும். உமிழ்நீர் அமைலேஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 6.7 முதல் 7 வரையிலான அளவுடன் இது ஒத்துப்போகிறது.

இரு பக்கமும் இறங்குவதற்குக் காரணம் கிளர்வு மையத்திலேயே இருக்கிறது. அமைலேஸின் மையத்தில் உள்ள ஒரு குளூட்டமிக் அமிலம் தன் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் வினை நடக்கும். பக்கத்தில் உள்ள ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலமோ தன் ஹைட்ரஜனை இழந்து நிற்க வேண்டும். கரைசலில் காரம் மிகுந்தால் முதலாவது தன்னிடம் உள்ளதை இழக்கிறது. அமிலம் மிகுந்தால் இரண்டாவது தேவையில்லாததை ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் சரியான நிலையில் இருக்கும் இடைவெளிதான் மணியின் முகடு. இன்னும் கடுமையான அமிலத்தில் புரதத்தின் மடிப்பே குலையும்.

வயிற்றில் வேலை செய்யும் பெப்சினுக்கு முகடு பி.எச். 2ஐ ஒட்டியும், சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8ஐ ஒட்டியும் இருக்கிறது. விழுங்கிய உணவுக் கவளத்தில் வயிற்று அமிலம் ஊறும்வரை உமிழ்நீர் அமைலேஸ் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், ஊறியபின் நிற்கும். மிஞ்சிய மாவுச்சத்தைச் சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் கவனித்துக்கொள்கிறது.

வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி நின்றால் அதை அழிக்காமல் வட்டமிட்டு, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். எல்லாக் குழாய்களிலுமே வினை மந்தமாக இருந்தால் தாங்கல் கரைசலில் குளோரைடு இல்லாதது காரணமாக இருக்கக்கூடும். அமைலேஸ் முழு வேகத்தில் இயங்கக் குளோரைடு அயனி வேண்டும், சிறிதளவு சமையல் உப்பு போதும். சூடான குழாய்களில் நீலம் எதிர்பாராமல் விரைவாக மறைந்தால் அயோடினைச் சந்தேகிக்க வேண்டும். மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் தானே வெளிறி, ஆறியதும் திரும்பி வரும். அதனால் துளியைத் தட்டில் ஆறவிட்டுப் பார்ப்பதோடு, நொதிக்குப் பதில் வெறும் நீர் சேர்த்த ஒரு குழாயையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் உடன் வைக்க வேண்டும். அந்தக் குழாயிலும் நீலம் மறைந்தால் அந்த வரிசையின் எண்ணை வரைபடத்தில் குறிக்கக் கூடாது.