நின்றுபோன விளம்பரத்தையும் எண்ண வேண்டும்

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போடத் தொடங்கும் கடைக்காரரிடம் பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. மெட்டா நிறுவனத்தின் ஆட் லைப்ரரியைத் திறந்து, போட்டிக் கடையின் பேஜ் பெயரைத் தட்டுங்கள். ஒவ்வொரு விளம்பரத்திலும் "Started running on" என்று ஒரு தேதி இருக்கும். அதில் பழைய தேதி போட்டிருப்பதைப் பார்த்து அதைப் போலவே செய்யுங்கள். மூன்று மாதமாக ஒருவர் காசு கொடுத்து ஓட்டுகிறார் என்றால் லாபம் வராமலா ஓட்டுவார்?

இது அமெரிக்கத் தபால்வழி விற்பனைக்காரர்கள் காலத்திலிருந்தே வரும் யோசனை. மார்ட்டின் கான்ராய் என்பவர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழுக்குச் சந்தா சேர்க்க எழுதிய ஒரு கடிதம் 1975 முதல் 2003 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள் தபாலில் போய்க்கொண்டிருந்தது. விளம்பரம் எழுதப் பழகுகிறவர்கள் இன்றும் அதை வரி வரியாகப் படிக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தபால்வழி விற்பனையில் ஒரு கடிதம் நிலைக்கிறது என்றால், அதோடு போட்டியிட அனுப்பிய மற்ற கடிதங்கள் தோற்றன என்று பொருள். தோற்ற கடிதங்கள் எவை என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியும். வெளியில் இருந்து படிக்கும் நம் கையில் வென்ற கடிதம் மட்டுமே இருக்கிறது.

இப்படித் தப்பிப் பிழைத்ததை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதைப் புள்ளியியலில் சர்வைவர்ஷிப் பயாஸ் என்பார்கள். தமிழில் தப்பியோர் சார்பு என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது இதற்குக் கணக்கு போட்டுக் காட்டியவர் ஆபிரகாம் வால்ட். 1943-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழுவில், திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை வைத்து, திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று மதிப்பிடும் முறையை எழுதினார். துளை அதிகம் உள்ள இடம் அடிபட்டாலும் பறக்கக்கூடிய இடம். வந்த விமானங்களில் துளையே இல்லாத இடம்தான் ஆபத்தான இடம் என்பது அதன் சாரம். அதே வால்ட் 1950 டிசம்பரில், இந்தியாவில் சொற்பொழிவுகள் ஆற்ற வந்திருந்தபோது, நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார்.

விளம்பரத்தில் இந்தச் சார்பு எவ்வளவு பெரியது என்று ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். ஒரு பேஜ் வாரத்துக்கு 10 புதிய விளம்பரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 விளம்பரம் ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறது. 2 மட்டும் 20 வாரம் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு நாள் நீங்கள் ஆட் லைப்ரரியைத் திறக்கிறீர்கள். அந்த வாரம் தொடங்கிய குறுகிய ஆயுள் விளம்பரம் 8 தெரியும். நீண்ட ஆயுள் விளம்பரமோ கடந்த 20 வாரமும் வாரத்துக்கு 2 என்று சேர்ந்து 40 தெரியும். ஆக, திரையில் உள்ள 48-ல் 40 விளம்பரம் நீண்ட நாள் ஓடுகிறவை. அந்தப் பேஜ் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்று தோன்றும். உண்மையில் அது தொடங்கிய பத்தில் எட்டு ஒரே வாரத்தில் நின்றவை. பழைய தேதியாகப் பார்த்துப் பொறுக்குவதற்கு முன்பே, ஒரு நாள் திறந்து பார்ப்பதே நீண்ட ஆயுள் விளம்பரங்களை மிகையாகக் காட்டிவிடுகிறது.

இதற்கு மாற்று, விளம்பரத்தை அது பிறந்த நாளிலேயே பிடிப்பது. மக்கள்தொகைக் கணக்கில் ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒரு குழுவாகத் தொடர்வார்கள் அல்லவா, அதே முறைதான். குறிப்பிட்ட ஆறு வாரத்தில் தொடங்கிய எல்லா விளம்பரத்தையும் விடாமல் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் 30 நாள் தாண்டியதா என்று பார்க்க வேண்டும்.

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஐந்து பேஜ்களை ஒருவர் இப்படித் தொடர்ந்தார் என்று ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். மொத்தம் 66 விளம்பரம் சிக்கியது. அதில் 6-ஐத் தனியே ஒதுக்கினார். காரணம் பின்னால் வருகிறது. மீதி 60-ல், 30 நாள் தாண்டியவை 12, நின்றுபோனவை 48.

தாண்டிய 12-ல் 9 விளம்பரத்தில் கடைக்காரரே கேமரா முன் நின்று பேசுகிறார். நீண்ட நாள் ஓடியதை மட்டும் பார்ப்பவர், 'நாலில் மூன்று இப்படி இருக்கிறது, இதுதான் சூட்சுமம்' என்று எழுதிக்கொள்வார். ஆனால் நின்றுபோன 48-ஐத் திறந்தால் அதிலும் 36-ல் கடைக்காரரே பேசுகிறார். அங்கேயும் நாலில் மூன்று. திருப்பிக் கணக்கிட்டால், கடைக்காரர் பேசிய 45 விளம்பரத்தில் 9 தாண்டியது. பேசாத 15-ல் 3 தாண்டியது. இரண்டிலும் ஐந்தில் ஒன்றுதான். எண்ணெய்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வீடியோ எடுக்கிறார்கள், அதனால் தப்பியவற்றிலும் அது நிறைய இருக்கிறது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இப்போது இன்னொரு அம்சம். லிட்டர் விலையை முதல் வரியிலேயே சொன்ன விளம்பரங்கள். தாண்டிய 12-ல் 5 மட்டுமே அப்படி. பாதிகூட இல்லை என்பதால் வழக்கமாகப் பார்ப்பவர் இதைக் குறித்தே வைத்திருக்க மாட்டார். நின்ற 48-ல் விலை சொன்னவை 7. ஆக, விலை சொன்ன 12-ல் 5 தாண்டியது, சொல்லாத 48-ல் 7 தாண்டியது. முதலாவது நூற்றுக்கு 42, இரண்டாவது நூற்றுக்கு 15. நின்றுபோனவற்றைச் சேர்த்ததும், சூட்சுமம் என்று நினைத்தது ஒன்றுமில்லாமல் போனது. கண்ணில் படாமல் இருந்தது மேலே வந்தது. 'தப்பியவற்றில் எத்தனையில் இது இருக்கிறது' என்று கேட்காமல், 'இது இருந்தவற்றில் எத்தனை தப்பியது' என்று கேட்க வேண்டும். நின்றுபோனவை கையில் இல்லாமல் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

இனி அந்த ஒதுக்கிய 6. விளம்பரம் நிற்பதெல்லாம் தோல்வி இல்லை. ஆடித் தள்ளுபடி முடிந்தால் அந்த விளம்பரம் நின்றுதான் ஆகும். சரக்கு தீர்ந்தாலும் நிற்கும். பேஜில் உள்ள எல்லா விளம்பரமும் ஒரே நாளில் நின்றால், பெரும்பாலும் பணமோ கணக்கோ முடங்கியிருக்கும். இப்படி வெளிக்காரணத்தால் 30 நாளுக்குள் முடிந்தவற்றைத் தோல்வியிலும் சேர்க்கக் கூடாது, வெற்றியிலும் சேர்க்கக் கூடாது. அவற்றின் கதையை நாம் முழுதாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, மிகத் தெளிவாகப் பேசும் நிறுத்தம் ஒன்று உண்டு. ஒரே நாளில் ஒரே பொருளுக்குத் தொடங்கிய நாலு விளம்பரத்தில் மூன்று நின்று ஒன்று மட்டும் ஓடுகிறது என்றால், உள்ளே உட்கார்ந்து எண்களைப் பார்த்த ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். தோல்வி என்று நம்பி எழுதக்கூடியது அந்த மூன்றைத்தான்.

நின்றுபோனவற்றை எங்கே பிடிப்பது? இந்தியாவில் ஓடும் சாதாரண வணிக விளம்பரம் நின்றதும் ஆட் லைப்ரரியிலிருந்து மறைந்துவிடும். அரசியல், சமூகப் பிரச்சினை விளம்பரங்கள் மட்டும் ஏழு ஆண்டு வைக்கப்படும். ஆகவே நம் ஊர்க் கடைகளை ஆராய்ந்தால் நாமேதான் பதிந்து வைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொண்டு, புதிதாகத் தெரியும் ஒவ்வொரு விளம்பரத்தின் "Library ID" எண், தொடங்கிய தேதி, ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வைக்க வேண்டும். அடுத்த முறை அந்த எண் காணவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை பார்த்தால் மூன்று நாளில் செத்த விளம்பரம் பெரும்பாலும் சிக்காது. அப்போது பழைய சார்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அதே வீடியோவைப் புதிய எண்ணில் மறுபடி விடுவதும் சகஜம் என்பதால், எண்ணை வைத்து அல்லாமல் வீடியோவையும் வாசகத்தையும் வைத்து ஒன்று என்று எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பதைச் செத்ததாக எழுதிவிடுவோம்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, 2023 ஆகஸ்ட் முதல் மிகப் பெரிய தளங்கள் ஒரு விளம்பரத்தை அது கடைசியாகக் காட்டப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட் லைப்ரரியில் ஜெர்மனி போன்ற ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, "Active status" என்ற வடிகட்டியில் நின்றவற்றையும் சேர்த்தால் அவை வரும். எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற எண்ணிக்கையும் கூடவே இருக்கும். 300 பேரிடம் போய் நின்றதையும் 2 லட்சம் பேரிடம் போய் நின்றதையும் அதைக்கொண்டு பிரிக்கலாம். முன்னது சோதிக்கப்படவே இல்லை. நம் ஊர்ப் பழக்கம் அங்கே பொருந்தாதுதான். ஆனாலும் முறையைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. 30 நாள் ஓடியது லாபம் தந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. நாளொன்றுக்கு 100 ரூபாயில் போட்டுவிட்டு மறந்துபோன விளம்பரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விலை சொன்ன 12-ல் இன்னும் இரண்டு நின்றிருந்தால் 42 என்பது 25 ஆகியிருக்கும். அவ்வளவு சின்ன எண்ணிக்கை. ஆகவே இதில் கிடைப்பது, நம் கடை விளம்பரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு யூகம். விலை சொன்னது ஒன்று, சொல்லாதது ஒன்று, மற்றதெல்லாம் ஒரேபோல வைத்து இரண்டுக்கும் சமமான பணம் ஒதுக்கி ஓட்டினால்தான் பதில் தெரியும். இரண்டையும் ஒரே ஆட் செட்டில் போட்டால் மெட்டா ஆரம்பத்திலேயே ஒன்றுக்குப் பெரும்பணத்தைக் கொடுத்துவிடும். 90 ரூபாய் மட்டும் செலவான மற்றதைத் தோற்றது என்று சொல்வது நியாயம் ஆகாது.

கடைசியாக, பலர் திறந்தே பார்க்காத பதிவு ஒன்று அவர்களிடமே இருக்கிறது. உங்கள் ஆட்ஸ் மேனேஜரில் நீங்கள் நிறுத்திய ஒவ்வொரு விளம்பரமும், செலவோடும் விற்பனையோடும் அப்படியே இருக்கிறது. அங்கே நீங்கள் வெளியாள் இல்லை; வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கடிதத்தை அனுப்பியவர்களைப் போல, தோற்றதும் உங்களுக்குத் தெரியும். அதை அழிக்காதீர்கள், நிறுத்தி மட்டும் வையுங்கள். நிறுத்தும் அன்றே விளம்பரத்தின் பெயரோடு காரணத்தையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள்: 'சரக்கு தீர்ந்தது', 'ஆடி முடிந்தது', '1,500 செலவு, ஆர்டர் இல்லை'. ஆறு மாதம் கழித்து எது ஏன் நின்றது என்று உங்களுக்கே நினைவிருக்காது. அந்த இரண்டு சொல் இருந்தால்தான் நின்றுபோனவையும் கணக்கில் வரும்.