எழுத்தை மட்டும் எடுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் பழைய அங்குல வரைபடம் ஒன்றைச் செல்பேசியில் படமெடுத்து, அதில் அச்சான பெயர்களைத் தட்டச்சு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பில் முதல் எழுத்துகள் தேய்ந்து, ஓர் ஊர்ப்பெயரில் ‘பட்டு’ மட்டும் தெரிகிறது. அருகே ஏரி இருப்பதைப் பார்த்ததும் கை தானாகவே ‘செங்கல்பட்டு’ என்று அடிக்கப் பார்க்கும். தமிழ்நாட்டில் பட்டுக்கா பஞ்சம்? ‘[...]பட்டு’ என்று விட்டுவிடுவதே சரி.

எண்களில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு புள்ளியருகே 425 என்றிருந்தால், 425 என்று மட்டும் எழுதுங்கள். மீட்டர் என்று சேர்த்தால் தவறாகிவிடும். அந்த அங்குல வரைபடங்களில் உயரம் அடியில் இருக்கும். 425 அடி என்பது ஏறத்தாழ 130 மீட்டர்தான். அலகு ஓரக்குறிப்பில் அச்சாகியிருக்கும். அது படத்தில் விழுந்திருந்தால், ஓரக்குறிப்பில் உள்ளபடி தனியாக எழுதலாம்.

காட்டின் பெயரோ எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, மலை முழுக்கப் பரவிக்கிடக்கும். அதை ஒரே பெயராகச் சேர்த்து எழுதலாம். எல்லை எதுவரை என்று சொல்லக் கூடாது.

குறிவிளக்கப் பட்டியலிலும் இதே கட்டுப்பாடு. ‘கோயில்’ என்ற சொல்லை எழுதி, பக்கத்துச் சின்னத்தை ‘[குறி]’ என்று விடுங்கள். வரைபடத்தின் நடுவே அதே சின்னம் தென்பட்டாலும் அங்கே கோயில் என்று எழுதாதீர்கள். மங்கிய படத்தில் கோயில் குறியும் கல்லறைக் குறியும் ஒன்றுபோலவே தெரியலாம்.