புள்ளி போனால் எழுத்தே போச்சு

கையெழுத்துத் தமிழைக் கணினிக்குக் கற்பிக்க, ஒவ்வொரு எழுத்தையும் பலரிடம் எழுதி வாங்க வேண்டும். செலவு அதிகம். அதனால் இருக்கும் படங்களையே சற்றுச் சாய்த்தும் நெளித்தும் பெருக்குகிறார்கள். 2003இல் ஆய்வாளர் சிமார்டும் அவர் குழுவினரும் கையால் எழுதிய இலக்கங்களை ரப்பர்போல் நெளித்துக் காட்டிய வழி இது.

ஆனால் தமிழில் ஏன் கவனம் தேவை? படத்தின் ஓரத்தை வெட்டினால் மேலிருக்கும் புள்ளி போய், ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கோட்டைத் தடிப்பாக்கினால் ‘லீ’யின் சுழி அடைபட்டு ‘லி’போல் தெரியும். பெயர்ச்சீட்டு மட்டும் பழையபடியே இருக்கும்; கணினி பிழையைக் கற்கும். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவதோ கூடவே கூடாது, அப்படி யாரும் எழுதுவதில்லை.

எப்படிச் செய்யலாம்? முதலில் நான்கு புறமும் வெற்றிடம் சேர்த்துவிட்டு, பத்து பாகைக்குள் சாய்க்கலாம். ஒருவர் இட்ட புள்ளியைத் தனியே பிரித்தெடுத்து, அதே ஆள் எழுதிய ‘ம’, ‘ல’ மீது சற்றே இடம் மாற்றி வைத்தால் புதிய ‘ம்’, ‘ல்’ கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். புள்ளி தொலையாது, கையின் இயல்பும் மாறாது.

பெருக்குவதற்கு முன்பே எழுதியவர் வாரியாகச் சோதனைப் படங்களை ஒதுக்கிவிடுங்கள். ஒருவரின் எழுத்து பயிற்சி, சோதனை இரண்டு பக்கமும் இருந்தால் வரும் மதிப்பெண் பொய். பெருக்கிய படங்களில் சிலவற்றைப் பெயர்ச்சீட்டு இல்லாமல் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால், நெளிவைக் குறையுங்கள்.