ஒரே துடைப்பம், இரண்டு ஊதியம்: குறைந்தபட்சக் கூலியை எங்கே தேடுவது?

2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்தும் என் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு மாணவிகள் வரவில்லை. இருவரின் அம்மாக்களையும் பள்ளிக்கு அழைத்துப் பேசினேன். ஒருவர் சென்னையில் ஒரு ரயில் நிலையத்தில் ஒப்பந்ததாரரிடம் துப்புரவு வேலை செய்பவர். மற்றவர் நான்கு தெரு தள்ளி ஒரு ஜவுளிக்கடையில் அதே வேலை செய்பவர். இருவருக்கும் நாளொன்றுக்கு 450 ரூபாய்தான் கூலி. அது போதாததால் மகள்களும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். “கவர்மெண்டு ஏதோ ரேட் போட்டிருக்காமே சார், எவ்வளவு?” என்று ஜவுளிக்கடை அம்மா கேட்டார். பொருளியல் பாடம் நடத்தும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலை இணையத்தில் தேடினேன். “தமிழ்நாடு, திறன் சாராத் தொழிலாளி, மாதம் இவ்வளவு” என்று ஒரே தொகையைப் போட்ட தனியார் தளங்கள் பல கிடைத்தன. அவற்றை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே கூலி இருந்ததில்லை. உணவகம், மருத்துவமனை, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள், கட்டுமானம் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அரசாணை உண்டு. அதைவிட முக்கியமாக, சில வேலையிடங்களுக்கு மாநில அரசின் பட்டியலே பொருந்தாது.

ஆகவே தொழிலாளி என்ன வேலை செய்கிறார் என்பதற்கு முன்னால், அந்த இடம் எந்த அரசின் வரம்பில் வருகிறது என்று கேட்க வேண்டும். ரயில்வே, பெருந்துறைமுகங்கள், சுரங்கங்கள், எண்ணெய் வயல்கள், மத்திய அரசு அலுவலகங்கள், நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த நிறுவனங்கள் ஆகியவை மத்திய அரசின் வரம்பில் வருபவை. நமக்குப் பழக்கமான கடை, உணவகம், தனியார் மருத்துவமனை, தனியார் பள்ளி எல்லாம் மாநில வரம்பு. சம்பளம் கொடுக்கும் ஒப்பந்ததாரர் உள்ளூர்க்காரராக இருப்பதால் இது மாறாது. வேலை யாருக்காக நடக்கிறது என்பதே கணக்கு. தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் வாசலில் நிற்கும் தனியார் நிறுவனக் காவலாளிக்கும் மத்திய அரசின் பட்டியலே பொருந்தும்.

ரயில் நிலைய அம்மாவின் கணக்கு எளிதாக முடிந்தது. மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையரின் தளமான clc.gov.in-இல் பட்டியல் இருக்கிறது. அதில் ஊர்கள் ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சென்னை ஏ பகுதி. 2024 அக்டோபர் 1 முதல் ஏ பகுதியில் பெருக்கித் துப்புரவு செய்வோருக்கான கூலி, அகவிலைப்படி சேர்த்து, நாளுக்கு 783 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 20,358 ரூபாய். அவர் வாங்கியதோ 11,700. மாதத்துக்கு 8,658 ரூபாய் குறைந்திருக்கிறது. அந்தத் தொகையை அவரிடம் சொன்னபோது, நான்தான் கணக்கில் தவறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

திறன் நிலையைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். செய்யும் வேலையை வைத்துத்தான் திறன் தீர்மானிக்கப்படுகிறது. படிப்பை வைத்து அல்ல. பிளஸ் டூ முடித்தவர் பெருக்கினாலும் அது திறன் சாரா வேலைதான். மறுபக்கம், காவலாளி வேலையைப் பலரும் திறன் சாராதது என்றே எண்ணுகிறோம். மத்தியப் பட்டியலில் ஆயுதம் இல்லாத காவலாளிக்குத் திறன் பெற்ற தொழிலாளியின் கூலியே உண்டு. அதே தேதியில், அதே ஏ பகுதியில் அது 954 ரூபாய்.

இன்னொரு குழப்பமும் வரும். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வருவது பட்டியல் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அது தவறில்லை. ஊதியச் சீட்டில் பிடித்தத்துக்கு முந்தைய தொகையைத்தான் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இந்த அம்மாவுக்குச் சீட்டே கொடுக்கவில்லை. கூலியை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, தொகை எழுதாத பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மத்திய வரம்பில் இதைக் கண்காணிப்பவர் தொழிலாளர் அமலாக்க அலுவலர் (மத்திய). அவருக்கு மேல் மண்டலத் தொழிலாளர் ஆணையர் (மத்திய) இருக்கிறார். நிலுவைத் தொகைக்கான மனுவை அவரே விசாரிக்கலாம். எங்கள் மனுவுக்குப் பின் அலுவலர் ஆய்வுக்குப் போனார். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் 783 ரூபாய் என்றே இருந்தது; கீழே இந்த அம்மாவின் கையெழுத்து. இதுதான் நடைமுறையில் பெரிய முட்டுக்கட்டை. கூடவே வேலை செய்த ஐந்து பெண்கள் ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்ததாலும், அந்த அம்மா நாட்காட்டியில் வேலைக்குப் போன நாளையும் வாங்கிய பணத்தையும் குறித்து வைத்திருந்ததாலும் நிலைமை மாறியது. ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து ஒரு கடிதம் போனதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 78 நாளுக்கான 25,974 ரூபாய் இரண்டு தவணையில் வந்தது. குறைத்துக் கொடுத்த தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. சமரசமாக முடிந்ததால் அது கிடைக்கவில்லை.

“450-க்குச் சம்மதம்னு சொல்லித்தானே சேர்ந்தே?” என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கச் சம்மதித்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எழுத்தில் கொடுத்திருந்தாலும் செல்லாது.

ஜவுளிக்கடை அம்மாவுக்கு 783 பொருந்தாது. பக்கத்துத் தெருவில், அதே துடைப்பத்தோடு அதே வேலையைச் செய்தாலும் பொருந்தாது. இதை அவருக்குப் புரியவைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவருக்கு labour.tn.gov.in தளத்தில், கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்கான பட்டியலைத் திறக்க வேண்டும். அதில் விற்பனையாளர், காசாளர், துப்புரவாளர் எனப் பணிப்பெயர் வாரியாகவும், ஊரின் தரத்தைப் பொறுத்து மண்டலம் வாரியாகவும் அடிப்படை ஊதியம் இருக்கும். அந்தத் தொகையோடு நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அடிப்படை ஊதியம் அரசாணை வந்த ஆண்டிலேயே நிற்கும். விலைவாசியோடு உயர்வது அகவிலைப்படி. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் அது மாற்றப்படுகிறது. இரண்டையும் கூட்டினால்தான் மாத ஊதியம். நாள் கூலி வேண்டுமானால் அதை 26-ஆல் வகுக்க வேண்டும். ஆண், பெண் என்று வேறுபாடு கிடையாது. ஏற்கெனவே கூடுதலாக வாங்குபவருக்குப் பட்டியலைக் காட்டிக் குறைக்கவும் முடியாது.

மாநில வரம்பில் புகாரை மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம். அவரின் கீழுள்ள துணை ஆய்வாளர்களும் உதவி ஆய்வாளர்களும் கடைக்கு நேரில் வந்து பதிவேடுகளைப் பார்ப்பார்கள். வேலையிடம் பதிவு பெற்ற தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் மாறினால் மனு இங்கும் அங்கும் அலைந்து மாதங்கள் போய்விடும்.

அன்று 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆய்வாளர் என்ற பதவியின் பெயரும் ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்’ என மாறியிருக்கிறது. பழைய கூலி அறிவிக்கைகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத வரை, புதியவை வரும்வரை செல்லும்.

ஜவுளிக்கடை அம்மா மனு கொடுக்கத் தயங்கினார். வேலை போய்விடும் என்ற பயம். கடைசியில், மகள் திரும்ப வகுப்புக்கு வந்த வாரத்தில், பட்டியலின் நகலை மட்டும் வாங்கிப்போனார். நாட்காட்டியில் இப்போது அவரும் குறித்து வருகிறார்.