நூறு மரங்களைச் சேர்க்க இரண்டு வழிகள்

கடன் கேட்பவர் தவணையை ஒழுங்காகக் கட்டுவாரா, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வாடகை கேட்கலாம் என்பது போன்ற கேள்விகளுக்கான தரவு பெரும்பாலும் வரிசை வரிசையான அட்டவணையாகத்தான் இருக்கும். இத்தகைய அட்டவணையை வைத்துக் கணிப்பவர்கள் முதலில் எடுப்பவை இரண்டு முறைகள்: ரேண்டம் ஃபாரஸ்ட், கிரேடியண்ட் பூஸ்டிங். இரண்டுமே நூற்றுக்கணக்கான முடிவு மரங்களைச் சேர்த்து ஒரே விடை சொல்கின்றன. ஆனால் மரங்களைச் சேர்க்கும் விதம் நேரெதிர். எந்த வேலைக்கு எது என்பதை அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று. முடிவு மரங்களைப் பற்றிய முக்கியமான நூல் ஒன்று 1984இல் வெளிவந்தது. அதன் நான்கு ஆசிரியர்களில் இருவர் லியோ பிரெய்மனும் ஜெரோம் ஃபிரீட்மனும். பின்னாளில் மரத்தின் ஒரு குறையைத் தீர்க்கப் பிரெய்மன் ஒரு வழியில் போனார், வேறொரு குறையைத் தீர்க்க ஃபிரீட்மன் வேறு வழியில் போனார். ரேண்டம் ஃபாரஸ்ட் பற்றிய பிரெய்மனின் கட்டுரையும், கிரேடியண்ட் பூஸ்டிங் பற்றிய ஃபிரீட்மனின் கட்டுரையும் 2001இல் அச்சேறின.

ஒற்றை மரத்தின் சிக்கல்

நான்கு வீடுகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. 400 சதுர அடி வீட்டின் மாத வாடகை 6,000 ரூபாய், 600 சதுர அடிக்கு 8,000, 800க்கு 12,000, 1000க்கு 14,000.

முடிவு மரம் இதில் கேள்விகளால் கோடு போடுகிறது. "700 சதுர அடிக்கு மேலா, கீழா?" என்பது முதல் கேள்வி. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொரு கேள்வி. கடைசியில் ஒவ்வொரு வீடும் தனித்தனி இலையில் போய் உட்காரும். இப்போது 650 சதுர அடி வீடு ஒன்று வந்தால் மரம் 8,000 என்கிறது. 710 சதுர அடி என்றால் 12,000. அறுபது சதுர அடிக்காக வாடகை 4,000 ரூபாய் தாவிவிட்டது. அட்டவணையில் ஒரு வீட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் கோடு வேறிடத்துக்கு நகரும், விடையும் மாறும்.

ஆழமாக வளர்ந்த மரத்தின் குறை இதுதான்: கற்ற தரவை அப்படியே ஒப்பிக்கும், ஆனால் நிலையாக நிற்காது. கிளையைக் குறைத்து ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்தினால் வேறு குறை வருகிறது. விடை நிலையாக இருக்கும், ஆனால் சிறியவை எல்லாம் 7,000, பெரியவை எல்லாம் 13,000 என்று மொட்டையாகச் சொல்லும்.

காடு: தனித்தனியாக வளர்த்து சராசரி எடுப்பது

பிரெய்மன் முதல் குறையைக் கையில் எடுத்தார். மரத்தை ஆழமாகவே வளர விடுகிறார். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் சற்றே வேறான தரவைக் கொடுக்கிறார். நான்கு வீடுகளிலிருந்து குலுக்கல் முறையில் நான்கு முறை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். அதனால் ஒரே வீடு இருமுறை வரலாம், ஒரு வீடு வராமலே போகலாம்.

முதல் மரத்துக்கு 400, 400, 800, 1000 விழுந்தது என்று வைப்போம். 600 சதுர அடி வீட்டை அது பார்க்கவே இல்லை. கோடு 600இல் விழும், ஆகவே 650 சதுர அடிக்கு 12,000 என்கிறது. இரண்டாவது மரத்துக்கு 600, 600, 800, 1000. அது 8,000 என்கிறது. மூன்றாவதற்கு 400, 600, 600, 1000, அதுவும் 8,000. மூன்றின் சராசரி சுமார் 9,333. தனி மரம் எதுவும் சொல்லாத எண் இது. ஆனால் 600க்கும் 800க்கும் இடைப்பட்ட வீட்டுக்கு 8,000ஐ விட இதுவே பொருத்தம். மரங்கள் கூடக்கூடத் தாவல்கள் மழுங்கிக்கொண்டே வரும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லா மரங்களும் ஒரே தவறைச் செய்தால் சராசரியும் அதே தவறைத்தான் செய்யும். தரவில் வலுவான ஒரு பத்தி, உதாரணமாகக் குடும்ப வருமானம், இருந்துவிட்டால் ஒவ்வொரு மரமும் அதையே முதலில் கேட்கும். மரங்கள் எல்லாம் ஒரே அச்சாக வளரும். இதைத் தடுக்க, ஒவ்வொரு கேள்வியின்போதும் சில பத்திகளை மட்டும் குலுக்கலில் எடுத்து, அவற்றுக்குள்தான் கேட்க வேண்டும் என்று காடு கட்டுப்படுத்துகிறது.

குலுக்கலால் ஓர் உபரி லாபமும் உண்டு. தரவு பெரிதாக இருந்தால், ஒவ்வொரு மரமும் ஏறத்தாழ 37 சதவீத வரிசைகளைப் பார்க்காமலே வளர்கிறது. பார்க்காத மரங்களை மட்டும் வைத்து ஒரு வரிசையைக் கணித்தால் அதுவே தேர்வு ஆகிவிடுகிறது. தேர்வுக்கென்று தரவைத் தனியே ஒதுக்காமலே காடு எவ்வளவு தேறும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பூஸ்டிங்: முந்தைய மரம் விட்டதைப் பிடிப்பது

ஃபிரீட்மன் எடுத்தது இரண்டாவது குறையை. மரங்கள் குட்டையாகவே இருக்கட்டும், மொட்டையாகவே சொல்லட்டும். ஆனால் ஒவ்வொரு மரமும் அதற்கு முன்னால் வந்தவை விட்ட பாக்கியைக் கணிக்கட்டும் என்றார்.

அதே நான்கு வீடுகள். எல்லாவற்றுக்கும் சராசரியான 10,000ஐச் சொல்லித் தொடங்குகிறோம். பாக்கி முறையே −4,000, −2,000, +2,000, +4,000. ஒரே கேள்வியுள்ள மரம் இந்தப் பாக்கியை 700இல் பிரித்து, இடப்பக்கம் −3,000, வலப்பக்கம் +3,000 என்கிறது. அதை முழுதாகக் கூட்டாமல் பாதியை மட்டும் கூட்டுவோம். கணிப்பு 8,500, 8,500, 11,500, 11,500 ஆகிறது. பாக்கி −2,500, −500, +500, +2,500.

இரண்டாவது மரமும் 700இல்தான் பிரிக்கிறது. பாதியைக் கூட்டியதும் பாக்கி −1,750, +250, −250, +1,750 என்றாகிறது. நடு வீடுகள் இரண்டும் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டன, ஓரத்து வீடுகள் இரண்டிலும்தான் பிழை நிற்கிறது. மூன்றாவது மரம் 700ஐ விட்டுவிட்டு, ஓரத்து வீடுகளில் ஒன்றைத் தனியே பிரிக்கிறது. எங்கே பிழை மிச்சமோ அங்கே அடுத்த மரம் போகிறது.

நாம் பாதியைக் கூட்டினோம். நடைமுறையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கூட்டுவார்கள். இந்த அளவுக்குக் கற்றல் வீதம் என்று பெயர். அது குறையக் குறைய மரங்கள் அதிகம் வேண்டும், ஆனால் விடை பொதுவாக மேம்படும்.

வேறுபாடு எங்கே தெரியும்

மரங்களின் எண்ணிக்கையில் முதலில் தெரியும். காட்டில் நூறு மரத்துக்குப் பதில் ஆயிரம் வளர்த்தால் நேரம் வீணாகலாம், விடை கெடாது. பூஸ்டிங்கில் அப்படியில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு பாக்கியில் மிஞ்சியிருப்பது வெறும் தற்செயல். அடுத்த மரங்கள் அதையும் விடாமல் கற்கும். கற்ற தரவில் பிழை குறைந்துகொண்டே இருக்கும், ஒதுக்கி வைத்த தரவில் குறைந்த பிழை மறுபடி ஏறத் தொடங்கும். ஏறும் இடம்தான் நிறுத்த வேண்டிய இடம். பூஸ்டிங்குக்கு ஒதுக்கிய தரவு கட்டாயம் என்பது இதனால்தான்.

இரண்டாவது, தவறான தரவு. கடைசி வீட்டின் வாடகை 14,000க்குப் பதில் 1,40,000 என்று பதிவாகிவிட்டதாகக் கொள்வோம். பூஸ்டிங்கின் தொடக்கச் சராசரியே 41,500 ஆகிவிடும். அதே கணக்கில் பாதி பாதியாகக் கூட்டிப் பார்த்தால், முதல் நான்கு மரங்களும் அந்த ஒரு வீட்டைப் பிரிப்பதிலேயே செலவாகின்றன. முதல் சுற்று முடிந்த நிலையில் 400 சதுர அடி வீட்டுக்கு அது சுமார் 25,000 ரூபாய் சொல்லிக்கொண்டிருக்கும். காட்டிலும் 1000 சதுர அடி வீடுகளின் கணிப்பு கெடும். ஆனால் கேடு அந்த ஓரத்தோடு நிற்கும். சிறிய வீடுகளைக் கணிக்கும் இலைகளை அது பெரும்பாலும் தொடாது. இத்தகைய எண்கள் வரக்கூடும் என்று தெரிந்தால், பெரிய பிழைகளுக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்காத ஹியூபர் இழப்பைப் பூஸ்டிங்கில் தேர்ந்தெடுக்கலாம். ஃபிரீட்மனின் கட்டுரையிலேயே அது உண்டு.

மூன்றாவது, உருவம். பயிற்சிக்குப் பலரும் எடுக்கும் கலிபோர்னியா வீட்டு விலைத் தரவு 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. 20,640 வரிசைகள் கொண்டது. முழுவதையும் கொடுத்து ஆழமாக வளர்த்தால், காட்டின் ஒரு மரத்திலேயே 13,000 இலைகள் வரை வரக்கூடும். நூறு மரத்துக்கு அது பத்து லட்சத்தைத் தாண்டலாம். மூன்று அடுக்கு ஆழமுள்ள நூறு மரப் பூஸ்டிங்கில் அதிகபட்சம் 800 இலைகள். கைபேசியிலோ சிறிய சர்வரிலோ ஓட வேண்டுமானால் இந்த வேறுபாடு கனக்கும். பயிற்சி கொடுப்பதில் சாதகம் காட்டின் பக்கம்: மரங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வளர்க்கலாம். பூஸ்டிங்கில் முந்தைய மரம் முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. ஒவ்வொரு மரத்தையும் வேகமாகக் கட்டும் வித்தைகளால்தான் எக்ஸ்ஜிபூஸ்ட், லைட்ஜிபிஎம் போன்ற மென்பொருள்கள் பெயர் வாங்கின.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. 2,000 சதுர அடி வீட்டுக்கு வாடகை கேட்டால் நம் காடு 14,000ஐத் தாண்டாது, பூஸ்டிங்கும் அதன் அருகிலேயே நின்றுவிடும். பார்த்த எல்லைக்கு வெளியே மரங்களுக்குப் போகத் தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு ஏறும் விலையைக் கணிக்க வேண்டுமானால், விலையை நேராகக் கொடுக்காமல் ஏற்றத்தின் அளவைக் கணிக்கச் சொல்ல வேண்டும்.

எதை எடுப்பது

வரிசைகள் சில நூறுதான், பதிவுகளில் நம்பிக்கை குறைவு, அமைப்புகளைத் திருத்திப் பார்க்க நேரமில்லை என்றால் காடு போதும். முன்னிருப்பு அமைப்புகளிலேயே அது பெரும்பாலும் கௌரவமான விடை தரும். வரிசைகள் ஆயிரக்கணக்கில் இருந்து, விடைப்பத்தி சுத்தமாக இருந்து, கற்றல் வீதம், ஆழம், மரங்களின் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துத் திருத்தப் பொறுமையும் இருந்தால் பூஸ்டிங் வழக்கமாக முந்தும். அட்டவணைத் தரவுப் போட்டிகளில் அதுவே அடிக்கடி வெல்வதற்குக் காரணம் அங்கே இந்த மூன்றும் கூடி வருவதுதான்.

சந்தேகம் தீராவிட்டால் தரவை ஐந்து பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் முறை வைத்து ஒதுக்கி, இரண்டு முறைகளையும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து சுற்றிலும் பூஸ்டிங் தெளிவாக முந்தினால் அதை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரே முறை சுற்றுக்குச் சுற்று காட்டும் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறிது என்றால், பூஸ்டிங்கைத் திருத்துவதில் செலவாகும் நேரத்தைத் தரவைச் சுத்தம் செய்வதில் போட்டுவிட்டுக் காட்டையே வைத்துக்கொள்ளலாம்.