கோடுகள் நிறைய, வேகம் குறைவு

சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் சிக்னல் கோடுகள் எல்லாம் எரியும். வீடியோ மட்டும் நின்று நின்று ஓடும். லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அப்போதும் மந்தம் என்றால் வைஃபை மேல் தப்பில்லை. கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கும் டவருக்கும் நடுவில் இருக்கிறது.

கோடுகள் சொல்வது சிக்னலின் பலத்தை மட்டும்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பலவற்றில் 192.168.1.1) இரண்டு எண்கள் கிடைக்கும். RSRP என்பது பலம்: -80 நல்லது, -110 பலவீனம். SINR என்பது தெளிவு, அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது. 20 இருந்தால் அருமை. 0-ஐ நெருங்கினால் பலம் இருந்தும் பயனில்லை.

ஒரு வீட்டில் ரவுட்டர் 850 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். RSRP -80, கோடுகள் முழுசு, வேகமோ 5 எம்பிபிஎஸ். தாழ்ந்த அலை சுவரைத் தாண்டி எளிதாக உள்ளே வரும். ஆனால் அந்த பேண்டில் நிறுவனத்திடம் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் இருக்கிறது என்றால், டவரின் அந்தப் பக்கம் முழுவதற்கும் சேர்த்தே உச்சம் சுமார் 37 எம்பிபிஎஸ். அதைத்தான் அக்கம்பக்கத்தார் எல்லோரும் பங்கு போடுகிறார்கள். ரவுட்டரை 2300 பேண்டில் பூட்டினால் RSRP -98-க்கு இறங்கி, இரண்டு கோடு மறையும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் வேகம் பல மடங்கு கூடலாம். பேண்டைப் பூட்டும் வசதி எல்லா ரவுட்டரிலும் இல்லை என்பதுதான் குறை.

உயர்ந்த பேண்ட் கான்கிரீட்டிடம் தோற்றுப்போகும். அதனால் ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். இரும்பு பீரோ, பிரிட்ஜ் இவற்றின் மறைவு ஆகாது. ஓர் அடி நகர்த்தி, ஒரு நிமிடம் பொறுத்து, SINR-ஐப் பாருங்கள். RSRP மாறாமலே SINR 4-லிருந்து 14-க்கு ஏறும் இடமும் இருக்கும், அதுவே சரியான இடம். குச்சி ஆன்டெனாவின் நுனியை டவரை நோக்கி நீட்டுவது வீண். அது அலையை வாங்குவது பக்கவாட்டில்தான். சில மாடல்களில் வெளியே தெரியும் குச்சிகள் வைஃபைக்கு மட்டுமே என்பதால், அவற்றைத் திருப்பினாலும் டவர் சிக்னல் மாறாது.

இவ்வளவுக்குப் பிறகும் இரவு 9 மணிக்கு மட்டும் வேகம் படுத்தால், விடிகாலை 5 மணிக்கு அதே இடத்தில், அதே பேண்டில் மறுபடி அளந்து பாருங்கள். RSRP இரண்டு நேரமும் ஒன்றாக இருந்து, வேகம் மட்டும் 40-லிருந்து 6-க்கு விழுந்தால் அது டவரின் நெரிசல். அதற்கு விலையுயர்ந்த வெளி ஆன்டெனா வாங்குவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. நெரிசல் குறைந்த வேறு பேண்டையோ, வேறு திசை டவரையோ, வேறு நிறுவன சிம்மையோ முயலலாம். புகார் செய்வதானால் நேரம், பேண்ட், RSRP, SINR, வேகம் ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற பதிலோடு நிறுவனத்தால் முடித்துவிட முடியாது.