கண்ணாடி டம்ளருக்குப் பின்னணி மாற்றுவது

கண்ணாடி டம்ளரை ஓரம் பிசகாமல் வெட்டி, வேறு படத்தின் மேல் வைத்தால் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும். பழைய பின்னணி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் காரணம். நமக்கு வேண்டியது டம்ளரின் நிழலும் பளபளப்பும் மட்டுமே.

அதற்குச் சீரான சாம்பல் நிறப் பின்னணியில் எடுத்த படம் நல்லது. வெள்ளையில் எடுத்தால் பளபளப்பு பின்னணியோடு கலந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் டம்ளர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, புதிய பின்னணிக்கு மேல் இரண்டு பிரதிகளாக வையுங்கள். சாம்பலின் அளவு 128 என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதியில் Levels திறந்து, வெள்ளை முனையை 128-க்கு இழுத்தால் சாம்பல் வெள்ளையாகும். Multiply கொடுத்ததும் அது மறைந்து, இருண்ட விளிம்புகள் நிற்கும். இரண்டாவதில் கறுப்பு முனையை 128-க்கு நகர்த்தி Screen கொடுங்கள். பளபளப்பு மட்டும் மிஞ்சும். டம்ளரைச் சுற்றி மங்கிய திட்டு தெரிந்தால், ஒளி சீராக விழவில்லை என்று பொருள். வெளிப்பக்கத்தை மாஸ்க் போட்டு மறையுங்கள்.

லேபிள் ஒட்டிய பாட்டிலென்றால் லேபிளைத் தனியாக வெட்டி, Normal லேயராக மேலே வைக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த உருண்டை டம்ளரில் தொலைவிலுள்ள காட்சி இடம் வலமாகத் திரும்பித் தெரியும். அந்தப் பகுதியின் பின்னணியைத் திருப்பி வைக்காவிட்டால், பார்ப்பவர் கண் உடனே சந்தேகப்படும்.